கோபக்காரன் என்று எழுதினேன், என் மகள் நம்பவில்லை

மல்லிகைப்பந்தல் (பினாங்கு), வெள்ளி இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். எட்டு வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு சாகசக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகன் பெயர் கதிர். லெபோ பாசாரில் பூக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன். தாத்தா நாதசுரக் கலைஞர். அன்று மாலை பிறையில் ஒரு திருமணத்தில் அவர் வாசிக்க வேண்டும். நாதசுரம் வைத்த பையைத் திருடன் ஒருவன் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். கதிர் விரட்டிப் போகிறான், ஜெட்டியில் டிக்கெட் வாங்கி ஃபெரி ஏறுகிறான், பட்டர்வொர்த்தில் திருடனைப் பிடிக்கிறான்.

குறையே இல்லாத நாயகன் சலிப்பூட்டுவான் என்று எங்கோ படித்திருந்ததால், முதல் பக்கத்திலேயே "கதிர் கொஞ்சம் கோபக்காரன்" என்று எழுதி வைத்தேன். இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள் கதை முழுவதையும் படித்துவிட்டு, "கோபக்காரன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் எங்கே அம்மா கோபப்பட்டான்?" என்று கேட்டாள். பிறகு மைலோ கேட்டாள். கதையைப் பற்றி வேறு எதுவும் சொல்லவில்லை.

வீரமும் வேண்டும், குறையும் வேண்டும். எப்படிச் சேர்ப்பது?

---

கிள்ளான் கதைசொல்லி, வெள்ளி இரவு 10.15

நானும் பள்ளிகளில் கதை சொல்பவன்தான். மூன்று விஷயங்கள் சொல்கிறேன். கதிருக்குச் சரியாக எட்டு வயது வையுங்கள், பிள்ளைகள் தங்கள் வயதுக்காரனைத்தான் நேசிப்பார்கள். குறை என்றால் பயம்தான் நல்லது. இருட்டைக் கண்டு பயம், தண்ணீரைக் கண்டு பயம் இப்படி ஒன்று. கடைசி அத்தியாயத்தில் அந்தப் பயம் முற்றிலும் போய்விட வேண்டும். இல்லையென்றால் பிள்ளைகளுக்கு நாம் என்ன கொடுக்கிறோம்?

---

சுங்கை பட்டாணி அம்மா, வெள்ளி இரவு 10.52

இந்தத் தலைப்பைப் பார்த்ததும் ஓடி வந்தேன். என் மகனுக்குத் திக்குவாய். அவனைப் போல் குறையுள்ள பிள்ளைகள் நாயகர்களாக வரும் கதைகள் தமிழில் அதிகம் வர வேண்டும். கதிருக்குத் திக்குவாய் வைக்கலாமே? ஒரே ஒரு வேண்டுகோள்: கடைசியில் அதைக் குணப்படுத்திவிடாதீர்கள். ஒரு கதையில் அப்படிப் படித்துவிட்டு என் மகன், "அப்படியென்றால் திக்குகிற வரைக்கும் அவன் நாயகன் இல்லையா அம்மா?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

---

பழைய பிழைதிருத்தி (கோலாலம்பூர்), சனி காலை 6.30

சுங்கை பட்டாணி அம்மாவுக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் குழப்பம் நம் மொழியிலேயே இருக்கிறது. "குறை" என்ற ஒரே சொல்லால் உடலில் அமைந்ததையும் சொல்கிறோம், குணத்தில் உள்ள கோணலையும் சொல்கிறோம். மல்லிகைப்பந்தல் கேட்பது இரண்டாவது. திக்குவாய் அந்தப் பிள்ளை செய்த தவறு அல்ல. அதற்காக அவன் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. நாயகனுக்குத் திக்குவாய் இருக்கட்டும், நன்றாகவே இருக்கும். ஆனால் அதைக் குணக்கோணலின் இடத்தில் உட்கார வைத்தால் உங்கள் மகன் கேட்ட கேள்விதான் எழும்.

கிள்ளான் நண்பர் சொன்ன பயமும் அப்படித்தான். பயம் குணக்கோணல் இல்லை, வீரத்துக்கு அதுதான் மூலப்பொருள். முழங்கால் நடுங்காத பையன் நாயின் முன்னால் நின்றால் அது வீரமா, அறியாமையா என்று எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. ஆகவே கதிருக்குப் பயம் எப்படியும் வேண்டும், அதற்கு மேல்தான் கோணல். வயது விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. எட்டு வயதுப் பிள்ளை, தன்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவனின் தோளில் ஏறி உலகத்தைப் பார்க்கத்தான் விரும்பும். எட்டு வயது நாயகனை ஆறு வயதுக்காரர்கள் விரும்புவார்கள். கதிருக்குப் பத்து வயது இருக்கட்டும்.

இப்போது உங்கள் கதை. சிறுவர் இதழ் ஒன்றில் நான் பல ஆண்டுகள் வந்த கதைகளைத் திருத்தியவன். அப்போது ஒரு பழக்கம் வைத்திருந்தேன். நாயகனின் குணத்தைச் சொல்லும் வரியைப் பென்சிலால் அடித்துவிடுவேன், பிறகு கதையை மறுபடி படிப்பேன். எதுவும் மாறவில்லை என்றால் அந்தக் குணம் கதையில் இல்லை, காகிதத்தில் மட்டும்தான் இருந்தது. "கோபக்காரன்" என்ற வரியை அடித்துப் பாருங்கள். திருடன் வருவான், பை போகும், கதிர் ஓடுவான், எல்லாம் அப்படியே நடக்கும். உங்கள் மகள் அந்தச் சோதனையைத்தான் செய்திருக்கிறாள், பென்சில் இல்லாமல்.

இன்னொன்று. உங்கள் கதையில் சிக்கலைக் கொண்டுவருவது திருடன். கதிர் அதில் அகப்பட்டவன் மட்டுமே. பிறர் செய்த தவறைச் சரிசெய்பவனிடம் கோணல் தெரியவே தெரியாது. சிக்கல் அவன் கையிலிருந்து பிறக்க வேண்டும். திருடனை எடுத்துவிடுங்கள். அந்தப் பை எப்படிப் போயிற்று? கதிர் என்ன செய்ததால் போயிற்று? அதற்குப் பதில் கிடைத்தால் கோணலும் கிடைத்துவிடும்.

---

மல்லிகைப்பந்தல், சனி காலை 11.05

ஐயா, படித்ததும் சற்று வலித்தது, பிறகு பென்சிலை எடுத்தேன். நீங்கள் சொன்னது சரி. வேலை செய்துகொண்டே யோசித்ததில் ஒன்று வந்தது. கதிரால் "தெரியாது" என்று சொல்ல முடியாது. அவ்வளவுதான் அவன் கோணல். யார் எதைக் கேட்டாலும் "தெரியும்" என்பான்.

தாத்தா குளிக்கப் போகுமுன், "தவில்காரர் வீட்டிலிருந்து ஆள் வரும், பையைக் கொடுத்துவிடு. ஆளை உனக்குத் தெரியுமா?" என்கிறார். "தெரியும்" என்கிறான் கதிர். சிறிது நேரத்தில் ஒருவர் வந்து, "பையை எடுக்க வந்தேன் தம்பி" என்கிறார். கொடுத்துவிடுகிறான். அவர் காலையில் கடையில் வைத்துவிட்டுப் போன தன் தூண்டில் பையை எடுக்க வந்தவர். இரண்டும் நீளமான கறுப்புப் பைகள். அவர் ஃபெரியில் போய் ரயில் ஏறுகிறவர். திருடன் இல்லை, நல்ல மனிதர்.

தங்கை மலர், ஏழு வயது, கூடவே வருகிறாள். "தாத்தாவிடம் சொல்லலாம் அண்ணா" என்கிறாள். கதிர் கேட்கவில்லை.

---

ஈப்போ தாத்தா, சனி மதியம் 1.20

பொறுங்கள். இந்தப் பையன் தாத்தாவிடமே பொய் சொல்கிறான். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் தங்கையையும் இழுத்துக்கொண்டு கடல் கடந்து போகிறான். இவனைப் போய் வீரன் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதா? எந்தத் தமிழ்ப்பள்ளி நூலகத்திலும் இதை வாங்க மாட்டார்கள். எங்கள் காலத்துக் கதைகளில் நல்லவன் நல்லவனாக இருந்தான்.

---

பட்டர்வொர்த் பயணி, சனி மதியம் 1.48

கதையைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒரு தவறு கண்ணில் பட்டது. கதிர் ஜெட்டியில் டிக்கெட் வாங்கி ஃபெரி ஏறுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெரிய பழைய ஃபெரிகளில் தீவிலிருந்து போகும்போது கட்டணமே இருந்ததில்லை. பட்டர்வொர்த்திலிருந்து திரும்பி வரும்போது மட்டும்தான் வாங்கினார்கள். பெரியவர்களுக்கு 1 வெள்ளி 20 காசு, சில்லறையாக. நான் பல ஆண்டுகள் தினமும் போய் வந்தவன். சகோதரி பினாங்கு என்று போட்டிருக்கிறீர்கள், இது தெரியாதா?

---

மல்லிகைப்பந்தல், சனி மதியம் 2.10

நான் ஜொகூரிலிருந்து வந்தவள், அண்ணா. வந்து நான்கு ஆண்டுகள்தான் ஆகின்றன. 2020 முடிவோடு அந்தப் பழைய ஃபெரிகள் பயணிகளை ஏற்றுவதை நிறுத்திவிட்டார்களே, நான் ஏறியதே இல்லை. என் கணவரின் சிறுவயதுப் படங்களைப் பார்த்துத்தான் கதையில் அவற்றை வைத்தேன். திருத்திவிடுகிறேன்.

---

பழைய பிழைதிருத்தி, சனி மாலை 5.25

திருத்துவதா? பயணி உங்களுக்குக் கதையின் நடுப்பகுதியையே கையில் கொடுத்திருக்கிறார், கவனித்தீர்களா? போவதற்குக் காசு வேண்டாம், வருவதற்கு வேண்டும். கையில் காசில்லாத ஒரு பையனை, அதுவும் "தெரியும்" என்று மட்டுமே சொல்லத் தெரிந்த பையனை, இதைவிட எளிதாக எப்படி மாட்டவைப்பது? யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், போயிருக்க மாட்டான். கேட்கவில்லை.

ஈப்போ ஐயாவின் கேள்வி நியாயமானது. பொய் சொல்லும் நாயகனைப் பிள்ளைகள் எப்போது ஏற்பார்கள் என்பதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி. எட்டு வயது வாசகருக்கு நீதிமன்றத்தைவிடக் கடுமையான நியாய உணர்வு உண்டு. அவர்கள் கதிரை வெறுக்காமல் இருக்க, பொய்யின் காரணம் பொய்யோடு சேர்ந்தே தெரிய வேண்டும். இரண்டு அத்தியாயம் கழித்து விளக்கம் சொன்னால் பிந்திவிட்டது. கதிர் ஏன் "தெரியும்" என்கிறான்? கடையில் எல்லாரும் அவனை "பெரிய ஆள்" என்று கூப்பிடுகிறார்கள், அந்தப் பெயர் போய்விடுமோ என்ற பயம். பெரியவர்களே அவன் மேல் வைத்த சுமை அது. ஒரே ஒரு காட்சியில் இதைக் காட்டிவிடலாம்.

அடுத்து, கோணலைப் படிப்படியாக ஏற்றுங்கள். முதல் தடவை யாருக்கும் நட்டமில்லாமல், சிரிப்பாக வரட்டும். ஒரு சுற்றுலாப் பயணி கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு வழி கேட்கிறார். கதிர் கைநீட்டிக் காட்டுகிறான். அவர் போய்ச் சேருவது குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோவிலுக்கு. திரும்பி வந்து, "அருமையான இடம், நன்றி!" என்கிறார். வாசகர் சிரிப்பார், கதிருக்கோ தைரியம் கூடிவிடும். அதே அத்தியாயத்தில் மலரை நோக்கி வரும் தெருநாயின் முன்னால் அவன் நடுங்கிக்கொண்டே நிற்கட்டும். இரண்டும் ஒரே பையன் என்று வாசகருக்குப் பதிய வேண்டும். "நான் இருக்கிறேன்" என்று நாயின் முன் நிற்க வைப்பதும், "எனக்குத் தெரியும்" என்று பொய் சொல்ல வைப்பதும் அவனுக்குள் ஒரே ஊற்றுதான். கோணலைத் தனியாக எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டினால் உதிர்ந்துவிடும். வீரத்தின் மறுபக்கமாக இருந்தால் எழுத்தாளரே நினைத்தாலும் பிடுங்க முடியாது.

இரண்டாம் தடவை சிறிய நட்டம். மூன்றாம் தடவை அவன் நேசிக்கும் ஒருவருக்கு வலிக்க வேண்டும், ஆனால் சரிசெய்யக்கூடிய வலியாக. இந்த வயதுக்கு அது முக்கியம். தங்கை கடலில் விழுவது வேண்டாம். தங்கையை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து "இரண்டு நிமிடத்தில் வருகிறேன், இந்த இடம் எனக்குத் தெரியும்" என்று போனவன், திரும்பி வரும்போது எந்த நாற்காலி என்று தெரியாமல் நிற்பது போதும். படிக்கும் பிள்ளையின் வயிறு கலங்கிவிடும், ஏனென்றால் கூட்டத்தில் தொலைந்த அனுபவம் அதற்கும் உண்டு.

---

கிள்ளான் கதைசொல்லி, சனி இரவு 8.30

வயது பற்றி ஐயா சொன்னதை ஏற்கிறேன். என் கதைகளிலும் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் சோர்ந்துபோவதன் காரணம் இப்போது புரிகிறது. ஆனால் முடிவைப் பற்றி விடமாட்டேன். கடைசியில் கதிர் திருந்த வேண்டும்.

---

மல்லிகைப்பந்தல், ஞாயிறு காலை 7.50

முடிவுக்கு ஒரு யோசனை. ரயில் நிலையத்தில் கதிர் அந்தப் பையைக் கண்டுபிடிக்கிறான். தூண்டில்காரர் கழிப்பறைக்குப் போனவர், பையைக் காவலரிடம் விட்டிருக்கிறார். காவலர் கதிரிடம், "உன்னுடையதா? உள்ளே என்ன?" என்கிறார். "நாதசுரம்." "வாசிக்கத் தெரியுமா?" கதிர் வழக்கம்போல் "தெரியும்" என்கிறான். "அப்படியானால் வாசி."

ஊதுகிறான். காற்றுதான் வருகிறது. சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அப்போதுதான் முதன்முறையாகச் சொல்கிறான்: "எனக்குத் தெரியாது. தாத்தாவுக்குத்தான் தெரியும். என் தங்கை எங்கே என்றும் எனக்குத் தெரியாது."

காவலர் மலரைத் தேடிக்கொண்டு வருகிறார். தாத்தாவின் நாதசுரத்தில் நூலில் கட்டித் தொங்கும் சீவாளிகள் எத்தனை, அவற்றைச் சுத்தம் செய்யும் ஊசி எந்தப் பக்கம் என்று மலர் சரியாகச் சொல்கிறாள். தினமும் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவள் அவள். பை கிடைக்கிறது.

---

பட்டர்வொர்த் பயணி, ஞாயிறு காலை 8.15

சாகசம் எங்கே போயிற்று? பையன் அழுது ஒப்புக்கொள்கிறான், காவலர் எல்லாவற்றையும் முடித்துவைக்கிறார். என் பேரன் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவான். ரயில் கிளம்பட்டும், கதவு மூடப் போகட்டும், கதிர் ஓடட்டும்.

---

பழைய பிழைதிருத்தி, ஞாயிறு காலை 9.40

பயணி சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். பெரியவர் தீர்த்துவைத்தால் நாயகன் கதையிலிருந்து வெளியேறிவிடுகிறான். காவலர் தேடக் கூடாது. கதிரேதான் மலரைத் தேட வேண்டும், தெரியாதவர்களிடம் ஒவ்வொருவராக வழி கேட்டுக்கேட்டு. நாள் முழுவதும் கேட்காத பையன் இப்போது கேட்பதுதான் ஓட்டத்தின் வேகம். ரயில் கிளம்பும் நேரமும் நெருங்கட்டும், கடிகாரம் ஒன்று கண்ணுக்குத் தெரியட்டும். ஆனால் நகரும் ரயிலில் தொற்றி ஏறுவது வேண்டாம், பயணி. படிக்கும் பிள்ளை நாளைக்கே செய்து பார்க்கக்கூடிய ஆபத்தை நான் ஒருபோதும் அச்சுக்கு விட்டதில்லை.

"வாசி" காட்சி மிக நன்று, அதைத் தொடாதீர்கள்.

முடிவில் திருந்துவது பற்றி: ஒரு நாளில் போகிற குணம் குணமே இல்லை. கடைசிப் பக்கத்தில் யாரோ கதிரிடம் வழி கேட்கட்டும். "தெ..." என்று தொடங்கி நிறுத்தட்டும். அதற்கு மேல் கிள்ளான் நண்பரும் நானும் ஒத்துப்போகப் போவதில்லை.

---

கிள்ளான் கதைசொல்லி, ஞாயிறு காலை 10.02

ஒத்துப்போகவில்லைதான். "தெ..." என்று நிறுத்தினால் என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் "தெரியும்" என்பார்கள், பாதிப் பிள்ளைகள் "தெரியாது" என்பார்கள், அன்றைய பாடம் போய்விடும்.

---

ஈப்போ தாத்தா, ஞாயிறு காலை 10.30

போகட்டுமே. இந்த முடிவு இருந்தால் நான் என் பேத்திக்கு வாங்குவேன். ஆனால் பொய்யை "பொய்" என்று எங்காவது ஒரு பெரியவர் சொல்ல வேண்டும். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

---

மல்லிகைப்பந்தல், ஞாயிறு இரவு 9.15

முதல் அத்தியாயத்தைத் திருப்பி எழுதிவிட்டேன். அந்த இடம் மட்டும் கீழே:

"வருகிற ஆளை உனக்குத் தெரியுமா?" என்று தாத்தா கேட்டார்.
கதிரின் மனம் படபடத்தது. பொய் சொல்வது தவறு என்று அவனுக்குத் தெரிந்திருந்தாலும், தன்னைப் பெரிய ஆள் என்று எல்லாரும் நினைக்க வேண்டும் என்ற ஆசையால் அவன் தயங்கினான்.
"தெரியும் தாத்தா" என்றான்.

---

பழைய பிழைதிருத்தி, ஞாயிறு இரவு 9.50

நடு வரியை எடுத்துவிடுங்கள். அதில் நீங்கள் கதிரை மாட்டிவிட்டு, வாசகரிடம் மன்னிப்பும் கேட்கிறீர்கள். "தெரிந்திருந்தாலும்... ஆசையால்..." என்று நீளும் வாக்கியத்தை இரண்டாம் ஆண்டுப் பிள்ளை பாதியில் மறந்துவிடும். பெரிய ஆள் என்ற சேதி முந்தைய காட்சியிலேயே வந்துவிட்டதே. இப்படி வையுங்கள்:

"வருகிற ஆளை உனக்குத் தெரியுமா?" என்று தாத்தா கேட்டார்.
கதிருக்குத் தெரியாது.
"தெரியும் தாத்தா" என்றான்.

அந்த இரண்டு சொல் வரியில் வாசகரும் கதிரும் கூட்டாளிகள் ஆகிவிடுகிறார்கள். தாத்தாவுக்குத் தெரியாதது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். பிறகு எங்கெல்லாம் அவன் "தெரியும்" என்று வாய் திறக்கிறானோ, அங்கெல்லாம் "வேண்டாம் கதிர்" என்று அதுவே கத்தும். உரக்கப் படித்துக் காட்டி, கத்துகிறதா என்று பாருங்கள்.

---

மல்லிகைப்பந்தல், திங்கள் மாலை 6.40

படித்துக் காட்டினேன். ஃபெரியில் "திரும்பி வரவும் காசு வேண்டாம், எனக்குத் தெரியும்" என்று கதிர் சொன்னபோது என் மகள் தலையணையால் முகத்தை மூடிக்கொண்டாள். கத்தவில்லை, ஆனால் மூடிக்கொண்டாள்.

பிறகு, "மலருக்குத்தான் எல்லாம் தெரிகிறதே, அவள் ஏன் நாயகி இல்லை?" என்று கேட்டாள். இதற்கு யாரிடமாவது பதில் இருக்கிறதா?

---

சுங்கை பட்டாணி அம்மா, திங்கள் இரவு 7.30

என் மகனும் படித்தான். மலர் அதிகம் பேசாததால் அவளுக்கும் திக்குமோ என்று அவனாகவே நினைத்துக்கொண்டான். நான் மறுத்துச் சொல்லவில்லை.

---

பட்டர்வொர்த் பயணி, திங்கள் இரவு 8.05

ஒரு சின்னச் சந்தேகம். நாதசுரம் திரும்பி வந்துவிட்டது. தூண்டில்காரர் வெறுங்கையோடு ரயில் ஏறிவிட்டாரா? அவருடைய பை இன்னும் பூக்கடையில்தானே இருக்கிறது?

---

மல்லிகைப்பந்தல், திங்கள் இரவு 8.11

ஐயோ.